சம்பந்தமில்லாத ஒன்பது படம், ஒரே ஒரு வரி: போட்டோ டம்ப் கேப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக் கடைசி ஆனால் என் வாட்ஸப்பில் இரண்டு மூன்று பேராவது படங்களை மொத்தமாக அனுப்பி, "இதுக்கு ஒரு வரி சொல்லேன்" என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு இது பழகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

போட்டோ டம்ப்புக்கும் சாதாரண ஆல்பத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் நிறைய படம்தானே?

ஆல்பத்துக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கும். காதுகுத்து, கொடைக்கானல் பயணம், தங்கையின் பட்டமளிப்பு என்று ஏதோ ஒன்று. "கொடைக்கானல், மூணு நாள்" என்று எழுதினால் வேலை முடிந்தது, படங்களை அந்த நிகழ்ச்சியே கோத்துவிடும். டம்ப்பில் நிகழ்ச்சியே கிடையாது. ஒரு மாதத்தில் போனில் சேர்ந்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து, எதற்கு எடுத்தோம் என்றே சொல்லத் தெரியாத ஏழெட்டைப் பொறுக்கிப் போடுகிறோம். பாதி தின்ற தோசை, யாரோ ஒருவரின் கை, ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு பூனை.

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் பல படங்கள் போடும் வசதி 2017 பிப்ரவரியில் வந்தது. அப்போது அதிகபட்சம் 10 படம்தான். 2024 ஆகஸ்டில் அதை 20 ஆக்கினார்கள். ஆனால் படம் எத்தனையானாலும் கேப்ஷன் ஒன்றுதான். ஃபேஸ்புக் ஆல்பம் போல ஒவ்வொரு படத்துக்கும் கீழே தனியாக எழுத இடமில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தவைதான்.

படங்களுக்குள்ள சம்பந்தமே இல்லாதப்போ ஒரு வரி எப்படி எல்லாத்தையும் பிடிச்சு வைக்கும்?

பத்தாம் வகுப்பில் தீவக அணி படித்திருப்பீர்கள். தீவகம் என்றால் விளக்கு. வீட்டில் ஓரிடத்தில் ஏற்றி வைத்த விளக்கு அறையில் உள்ள எல்லாப் பொருளுக்கும் வெளிச்சம் தருகிறதல்லவா, அதுபோலச் செய்யுளில் ஓரிடத்தில் நிற்கும் ஒரு சொல் பல இடங்களுக்கும் சென்று பொருள் தருவது தீவகம் என்கிறது தண்டியலங்காரம். பாடத்தில் வந்த உதாரணத்தை நினைத்துப் பாருங்கள். அரசனின் கண்கள், பகைவரின் தோள்கள், திசைகள், அம்புகள், பறவைக் கூட்டம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து. இவை எல்லாவற்றையும் தொடுவது முதலில் நிற்கும் "சேந்தன" என்ற ஒற்றைச் சொல். சிவந்தன என்று பொருள். கண் கோபத்தில் சிவந்தது, தோள் ரத்தத்தில் சிவந்தது, அப்படியே மற்றவையும்.

டம்ப்புக்கு வேண்டிய கேப்ஷனும் அப்படி ஒரு சொல்தான் என்பது என் எண்ணம். "சேந்தன" ஒரு வினைச்சொல் என்பதைக் கவனியுங்கள். போர்க்களம் என்று எழுதியிருந்தால் அது தலைப்பாக நின்றிருக்கும். சிவந்தன என்றதும் ஒவ்வொரு பொருளும் அந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்து, தனக்கு ஏற்றபடி அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. கேப்ஷனிலும் பெயர்ச்சொல் ஏதாவது ஒரு படத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். "மழை" என்று எழுதினால் மழைப் படம் மட்டும் தலையாட்டும், பூனைப் படம் அநாதையாக நிற்கும். பல பொருள் உள்ள வினைச்சொல்லோ ஒவ்வொரு படத்திடமும் போய்க் கேள்வி கேட்கும்.

தமிழில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுவாயை விட்டுவிட்டே பேசலாம். "பிடிச்சுது" என்று மட்டும் சொன்னால் எது, யாரை, எங்கே என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காலி இடத்தில்தான் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும்.

உண்மையான ஒரு டம்ப்பை எடுத்து, வரி எப்படி வந்ததுன்னு காட்ட முடியுமா?

போன ஐப்பசியில் என் தோழி ஒருத்தி அனுப்பியதையே சொல்கிறேன். அவள் இருப்பது சென்னையில். அந்த மாதம் தீபாவளியும் அடைமழையும் சேர்ந்து வந்தது. அனுப்பியது ஒன்பது படம், இந்த வரிசையில்:

ஹாலில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகுகளில் விரித்துப் போட்ட மகனின் பள்ளிச் சட்டைகள். அடுத்து சித்தி பெண்ணின் இரண்டு கையிலும் மருதாணி, யாரோ ஸ்ட்ரா வைத்து அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். மூன்றாவது, மாடியில் செய்தித்தாள் மேல் பரப்பிய பட்டாசு. நான்காவது, புதிதாகப் பெயிண்ட் அடித்த வாசல் கேட், அதில் கயிறு கட்டித் தொங்கும் அட்டை. ஐந்தாவது, தங்கையோடு நடந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட், "சரி" என்ற ஒரே பதில் மட்டும் தெரியும்படி வெட்டியது. ஆறாவது, சாப்பிட்டு முடித்த வாழை இலைகள், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் முழங்கால்கள். ஏழாவது, மேகத்துக்குள் கலங்கிய நிலா. எட்டாவது, பைக் சீட்டில் கட்டிய பாலித்தீன் பை. கடைசியில் ஃபிரிட்ஜ் மேல் தூங்கும் பூனை.

அவள் முதலில் எழுதி வைத்திருந்தது "ஐப்பசி நினைவுகள்". தப்பில்லை. ஆனால் நினைவுகள் என்றதும் ஒன்பது படமும் ஒரே மாதிரி மங்கிப் போகின்றன. பார்க்கிறவர் கேட்க ஒரு கேள்விகூட மிச்சமில்லை. அடுத்து "மழை, மருதாணி, மத்தாப்பு" என்றாள். காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் அது படங்களின் பெயர்ப் பட்டியல், அதுவும் மூன்று படத்துக்கு மட்டும். மிச்சம் ஆறும் ஏன் உள்ளே வந்தன என்று அந்த வரிக்கே தெரியாது. ஸ்கிரீன்ஷாட் அங்கே விளம்பரம் போலத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

நான் செய்தது ஒன்றுதான். அவளைப் போனில் கூப்பிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஒரே வாக்கியத்தில் வாயால் சொல்லச் சொன்னேன். எழுதக் கூடாது, பேச வேண்டும். "ரெண்டு நாளா யூனிஃபார்ம் காயவே இல்ல" என்றாள். "மருதாணி காயற வரைக்கும் அவளுக்கு எல்லாத்தையும் ஊட்டி விட்டோம்." "பட்டாசைக் காய வெச்சோம், அரை மணி நேரத்துல மழை." கேட்டைப் பற்றிச் சொல்லும்போது "பெயிண்ட் காயலன்னு அட்டை மாட்டியும் ஒருத்தர் கை வெச்சுட்டார்" என்றாள். இலைப் படத்துக்கு வந்தபோது "சாப்பிட்ட கை காயற வரைக்கும் உக்காந்து பேசிட்டிருந்தோம்" என்றாள்.

ஐந்து படத்திலும் ஒரே வினை. அவளுக்கே அது தெரியவில்லை. படங்களை எடுத்தபோதும் தெரிந்திருக்காது. ஒரு மாதம் முழுக்க எதையாவது காயப் போட்டு, காயுமா என்று பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. கையும் கேமராவும் அந்தப் பக்கமே போயிருக்கின்றன.

கேப்ஷன் இப்படி ஆனது: "இன்னும் எதுவும் காயல."

இப்போது மறுபடி படங்களைப் பாருங்கள். சட்டை, மருதாணி, பட்டாசு, பெயிண்ட் நான்கும் நேரடிப் பொருளில் உட்கார்ந்துவிட்டன. பைக் சீட்டும் சேர்ந்துகொண்டது. நிலாவுக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை, தமிழ் செய்தது. நிலா காய்கிறது என்பது நம் வழக்குத்தானே. மேகம் மூடிய நிலாவும் அன்றைக்குக் காயவில்லை. இலைப் படம் ஒரு சின்ன முரண். அங்கே கை காய்ந்துவிட்டது, ஆனால் பேச்சு ஓயவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்தது அந்த ஸ்கிரீன்ஷாட். தங்கையின் "சரி" என்ற ஒற்றைப் பதிலுக்கு மேல் இந்த வரி வந்து நின்றதும், ஏதோ ஒரு மனத்தாங்கல் இன்னும் ஈரமாக இருப்பது சொல்லாமலே தெரிந்தது. என்ன சண்டை என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தங்கைக்கு மட்டும் தெரியும்.

பூனைக்கு இந்த வரியில் இடமில்லை. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எட்டுப் படம் ஒரே சொல்லில் பூட்டிக்கொண்ட பிறகு, பூட்டில் சேராத ஒன்று இருப்பது நல்லது. இல்லாவிட்டால் வரியை முதலில் யோசித்துவிட்டுப் படங்களைத் தேடி எடுத்ததுபோல ஆகிவிடும். ஃபிரிட்ஜ் மேல் வெதுவெதுப்பாகத் தூங்கும் அந்தப் பூனை ஒன்றுதான் அந்த வீட்டில் காய்ந்து கிடந்தது என்று பிறகு யாரோ கமெண்டில் எழுதினார்கள். அது நாங்கள் யோசிக்காதது.

எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்ல. நானே எப்படி அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கிறது?

வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அதை எடுத்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள். "இது ஒரு டம்ளர்" என்பதிலிருந்து எதுவும் கிடைக்காது. "இது ஆறிப்போச்சு, மறுபடி சூடு பண்ணினேன்" என்பதில் ஒரு வினை கிடைத்துவிட்டது. முடித்த பிறகு கேட்டுப் பார்த்தால், இரண்டு மூன்று முறை வந்த வினை ஒன்று அநேகமாக இருக்கும்.

அன்றாடப் பேச்சில் பல வேலை செய்யும் சின்ன வினைகள்தான் இதற்கு ஏற்றவை. ஆறு, ஊறு, தேய், கிட, விடு, பிடி. கடைசியாகச் சொன்ன சொல்லை ஒருமுறை நானே பயன்படுத்தினேன். அந்த மாதப் படங்களில் ஓடிப் பிடித்த பேருந்தின் ஜன்னல், சளிக்குப் போட்ட ஆவிப் பாத்திரம், அடிப்பிடித்த பால், மீன் மார்க்கெட், ஒரு நீல நிறச் சுவர் இருந்தன. "இந்த மாசம் பிடிச்சது" என்று எழுதினேன். பேருந்து பிடித்தது, சளி பிடித்தது, பால் அடிப்பிடித்தது, மீன் பிடிபட்டது, அந்தச் சுவர் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதையும் விளக்கவில்லை. முதலில் பார்க்கும்போது "எனக்குப் பிடித்தவை" என்ற சாதாரண வரியாகத்தான் தெரியும். பால் பாத்திரத்தின் கருகிய அடியைப் பார்க்கும்போதுதான் சொல் புரளும்.

அந்தப் புரளல் ஏதாவது ஒரு படத்திலாவது நடக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஒரே பொருளில் நின்றால் அது தலைப்பு. எல்லாப் படத்திலும் வேறு வேறு பொருளில் புரண்டால் அது விடுகதை. இரண்டு மூன்று படத்தில் நேராக நின்று, ஒன்றில் திரும்பினால் போதும்.

மாசத்தோட பேரை மட்டும் போட்டா ஆகாதா? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?

ஆகும். மாதாமாதம் தவறாமல் போடுகிறவருக்கு அது ஒரு நாட்குறிப்பு மாதிரி, பன்னிரண்டும் சேர்ந்த பிறகு அதற்கு ஒரு அழகு வரும். ஆனால் ஒரே ஒரு டம்ப்புக்கு மாதப் பெயர் மட்டும் இருந்தால் அது தேதி முத்திரை. தமிழ் மாதப் பெயர் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும், ஏனென்றால் ஐப்பசி என்றால் மழையும் மார்கழி என்றால் பனியும் கோலமும் தானாகவே கூட வரும். அந்தப் படங்கள் உள்ளே இருந்தால் மட்டும் போடுங்கள். ஏசி அறையில் எடுத்த ஒன்பது படத்துக்கு மேல் மார்கழி என்று எழுதினால் ஒட்டாது.

எவ்வளவு நீளமா எழுதலாம்?

இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துக்குறி வரை அனுமதிக்கிறது. ஆனால் ஃபீடில் ஏறக்குறைய முதல் 125 குறிகள்தான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். அதைத் தட்டித் திறந்து படிக்கிறவர் குறைவு, ஏனென்றால் அவர் கை படங்களை நகர்த்திக்கொண்டிருக்கிறது. முதல் வரியில் உங்கள் கணக்கின் பெயரும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எண்ணும் எழுத்தும் யூனிகோடு எண்ணும் குறியும் ஒன்றல்ல. "கா" நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் ககரமும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு. புள்ளிவைத்த மெய்யும் இரண்டு. "இன்னும் எதுவும் காயல." என்பதில் நம் கணக்குக்கு 11 எழுத்துதான். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து யூனிகோடு கணக்கில் 21 குறி. அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குச் சொல்லப்படும் எழுத்துக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு வரி பாதியில் மடியும். டம்ப்புக்கு என் அளவு ஏழு சொல். அதற்கு மேல் போனால் வரி படங்களைச் சேர்த்து வைப்பதை விட்டுவிட்டு அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறது.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

"இன்னும் எதுவும் காயவில்லை" என்று எழுதிப் பாருங்கள். பொருள் அதேதான். ஆனால் அது யாரோ ஒரு கவிஞர் ஜன்னலோரம் நின்று சொல்வதுபோல இருக்கிறது. "காயல" என்றால் மாடியிலிருந்து கீழே இறங்கிவந்த அம்மா சொல்வது. டம்ப்பில் இருப்பவை யோசித்து எடுத்த படங்கள் அல்ல, அதனால் பேச்சு வழக்குதான் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். காயல, காயலை, காயலே, எதுவானாலும் சரி. உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டார வழக்கைச் சும்மா அழகுக்காக எடுத்துப் போடாதீர்கள், அந்த ஊர்க்காரர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்து வழக்கு பொருந்தும் இடமும் உண்டு. படங்கள் எல்லாமே சிரிப்பும் குழப்பமுமாக இருக்கும்போது, நிதானமான ஒரு எழுத்துத்தமிழ் வரி அவற்றுக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். ஒரே வரிக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நண்பர்களுக்குள் சாட்டில் எப்படியும் அடியுங்கள். ஆனால் ஒரே சொல்லை நம்பி நிற்கிற வரியில் அது ஆபத்து. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும், லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். படிக்கிறவர் ஒரு நொடி தடுக்கினால் சொல் புரளும் அந்தக் கணம் போய்விடும்.

முதல் படத்துக்கும் வரிக்கும் என்ன உறவு இருக்கணும்?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். வரியோடு கூடவே கண்ணில் படுவது முதல் படம். அது வரியை அப்படியே படம் பிடித்துக் காட்டினால், பார்க்கிறவருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சொட்டச் சொட்ட நனைந்த துணியும் "காயல" என்ற வரியும் சேர்ந்தால் மேலே நகர்த்த ஒரு காரணமும் இல்லை. என் தோழியின் டம்ப்பில் சட்டைப் படம்தான் முதலில் இருந்தது. அதை நான்காவது இடத்துக்குத் தள்ளி, வாழை இலையும் முழங்கால்களும் இருக்கும் படத்தை முன்னால் வைத்தோம். இலைச் சாப்பாட்டுக்கும் காயலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சின்னக் கேள்வி வரும். அடுத்த படத்தில் மருதாணிக் கை. பதில் பாதி கிடைத்துவிடும்.

இரண்டாவது படத்தையும் பார்த்து வையுங்கள். நகர்த்தாமல் போய்விட்டவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது இரண்டாம் படத்தைக் காட்டுவதுண்டு. அதாவது சிலருக்கு உங்கள் வரி இரண்டாம் படத்தோடுதான் அறிமுகமாகும். அந்த இடத்தில் மங்கலான நிலாவையோ வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டையோ வைக்க வேண்டாம். சொல் புரளும் படத்துக்கு நடுப்பகுதிக்குப் பிறகுதான் இடம். கடைசிப் படம் வரியில் சேராத உங்கள் பூனைக்கு.

படங்களோட பாட்டும் சேர்க்கறேன். பாட்டு வரியையே கேப்ஷனா போடலாமா?

இரண்டில் ஒன்று போதும். பாட்டு ஏற்கனவே எல்லாப் படத்துக்கும் கீழே ஓடி அவற்றைக் கோத்துக்கொண்டிருக்கிறது. அதே பாட்டின் வரியை மறுபடி எழுதினால் புதிதாக எதுவும் சேர்வதில்லை, வேறு பாட்டின் வரியை எழுதினால் இரண்டும் சண்டை போடும். பாட்டு வைத்தால் வரி வெறும் பேச்சாக இருக்கட்டும்.

ஒவ்வொரு படத்தைப் பத்தியும் சொல்லியே ஆகணும்னா?

ஒரு வரிக்குக் கீழே சற்று இடம் விட்டு, எண் போட்டு எழுதலாம். மடிப்புக்குக் கீழே போகும், வேண்டியவர் திறந்து படிப்பார். ஆனால் வரியின் சொல்லை அங்கே மறுபடி பயன்படுத்தாதீர்கள். "6. தங்கையோட சண்டை, அதுவும் இன்னும் காயல" என்று எழுதிவிட்டால் பார்க்கிறவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் தனியாக `Alt text` எழுத இடம் உண்டு. அதை நிரப்புங்கள். அங்கே சொல் விளையாட்டு வேண்டாம், உள்ளதை உள்ளபடி: "நாற்காலி முதுகில் விரித்த மூன்று வெள்ளைச் சட்டைகள், மேலே ஃபேன் ஓடுகிறது." திரைபடிப்பான் வழியாகக் கேட்கிறவருக்கும் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் கிடைக்கும்.

வரி சரியா வரலன்னு போடறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்கள் வரியை எடுத்து வேறு யாருடைய டம்ப்புக்காவது கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி உட்கார்ந்தால் அது உங்கள் படங்களிலிருந்து வந்த வரி இல்லை. "சின்னச் சின்ன சந்தோஷங்கள்", "வாழ்க்கை அழகானது", "லைஃப் அப்டேட்" எல்லாம் எங்கு வைத்தாலும் உட்காரும்.

அதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வரியை மட்டும் ஒருவரிடம் சொல்லி, என்ன படம் இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொன்ன படம் உள்ளே இருந்தால் நல்லது. அவர் சொன்னது மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்றால் வரி மிகவும் இறுகிவிட்டது.

போட்ட பிறகு தெரியும் அறிகுறி ஒன்று உண்டு. "7வது!" என்றோ "அந்தக் கேட்ல கை வெச்சது யாரு?" என்றோ கமெண்ட் வந்தால் வரி அவர்களை உள்ளே கூட்டிப்போயிருக்கிறது. எல்லாரும் முதல் படத்தைப் பற்றி மட்டும் பேசினால், உங்கள் வரி முதல் படத்துக்கான கேப்ஷனாக நின்றுவிட்டது என்று பொருள்.

நடுவுல ஒரு துக்கமான படம் இருக்கு. என்ன செய்யறது?

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருடம் ஆடி மாதப் படங்களைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று காலியாக இருந்தது. கடைசி ட்ரிப் பேருந்து, வழித்துத் தின்ற பாயசக் கிண்ணம், மளிகை டப்பா, மழைக்குப் பிறகு ஆளில்லாத தெரு. கூடவே எங்கள் பெரியப்பாவின் சாய்வு நாற்காலி. அவர் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கு அந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை, அதனால்தான் படம் எடுத்தேன். "எல்லாம் காலி" என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அத்தை போன் செய்தார். கோபப்படவில்லை. "என்னம்மா இப்படி எழுதிட்டே" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. "ஆள் காலி" என்று நாம் எதற்குச் சொல்வோம்? பேருந்துக்கும் கிண்ணத்துக்கும் சரியாக இருந்த சொல் நாற்காலியில் வந்து புரண்டபோது, செத்துப்போனவரைப் பற்றித் தெருவில் பேசுகிற பேச்சாகிவிட்டது. சொல் புரள வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது எந்தப் பக்கம் புரளும் என்பதை ஒவ்வொரு படத்தின் மேலும் தனித்தனியாக வைத்துப் பார்க்காமல் விட்டதுதான் என் தவறு.

கேப்ஷனை உடனே திருத்தினேன். அந்த ஒரு படத்தையும் எடுத்துவிட்டேன். பல படங்கள் உள்ள பதிவிலிருந்து, பதிவிட்ட பிறகும் ஒரு படத்தை மட்டும் நீக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அத்தையிடம் மன்னிப்பும் கேட்டேன். அந்த நாற்காலிப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

அதனால் இப்போது எனக்கு ஒரு வழக்கம். மரணமோ மருத்துவமனையோ சம்பந்தப்பட்ட படம் இருந்தால், முதலில் அந்தப் படத்துக்கு மட்டும் வரியைப் படித்துப் பார்ப்பேன், சம்பந்தப்பட்டவரின் வீட்டார் குரலில். அங்கே உறுத்தவில்லை என்றால் மற்ற படங்களுக்குப் போவேன். உறுத்தினால் வரியை மாற்றுவேன், அல்லது அந்தப் படத்தைத் தனியாக வேறொரு நாள் போடுவேன். சிரிப்புக்கான சொல் துக்கப் படத்தைத் தாங்காது. துக்கத்தைத் தாங்கும் சொல்லோ தோசையையும் பூனையையும் சுலபமாகத் தாங்கிவிடும்.

எவ்வளவு யோசிச்சும் ஒண்ணும் வரல. அப்போ?

பெரும்பாலும் படங்கள் அதிகமாக இருக்கும். இருபது வரை போடலாம் என்பதற்காக இருபதும் போட வேண்டியதில்லை. ஒரே மாதிரியான இரண்டில் ஒன்றை எடுங்கள். அழகாக வந்தது என்பதற்காக மட்டும் உள்ளே இருக்கும் படத்தை எடுங்கள், பொதுவாக அது ஒரு சூரிய அஸ்தமனமாக இருக்கும். ஏழு எட்டுக்கு வந்த பிறகு மறுபடி வாயால் சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால் ஒரே ஒரு படத்தைப் பற்றிய உண்மையான ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மற்றவற்றைச் சும்மா விடுங்கள். "பெயிண்ட் காயலன்னு அட்டை மாட்டியும் ஒருத்தர் கை வெச்சுட்டார்." ஒன்பது படத்தையும் அது கோக்காது. ஆனால் அந்தக் கை எது என்று தேடிக்கொண்டு கேட் படம் வரைக்கும் நகர்த்துவார்கள், போகிற வழியில் மற்றதையும் பார்ப்பார்கள்.